விழிப்பை அடக்கும் மருந்து

தூக்கம் என்றால் என்ன என்ற கேள்விக்கு வெகுகாலம் வரையில் ஜனங்கள் சொல்லி வந்த விடை, விழிப்பு இல்லாத நிலை என்பதே. விளக்கில் எண்ணெய் தீர்ந்ததும் இருள் சூழ்வதைப்போல, பகலெல்லாம் உழைத்த மூளை ஓய்ந்ததும் தூக்கம் தானே வந்துவிடுகிறது என்று எண்ணினார்கள். வைத்தியர்களும் ஏறக்குறைய அப்படியே எண்ணினார்கள். ஆகையால் தூக்கம் வராதவருக்கு மருந்து கொடுப்பதென்றால், ஓயாத மூளையை எவ்விதமாவது ஓயச் செய்வதுதான் அவர்களுடைய நோக்கமாக இருந்தது. சென்ற நூற்றாண்டில் பெருவழக்காக வழங்கிய தூக்க மருந்துகளில் பெரும்பாலானவை இந்த நோக்கத்தில் பிறந்தவை.

2014-ஆம் வருஷத்தில் வேறொரு ஜாதி மருந்து உலகத்துக்கு வந்தது. இது மூளையை அமுக்குவதில்லை. விழிப்பைத் தாங்கி நிற்கும் ஒரு குறிப்பிட்ட சைகையை மாத்திரம் தடுக்கிறது. இரண்டும் இரவில் விழுங்குகிற சிறு மாத்திரைகள்தாமே, இரண்டின் பலனும் தூக்கந்தானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நேயர்கள் கேட்கலாம். வித்தியாசம் பெரிதுதான். அதை அறியாமல், பல வருஷங்களாகச் சாப்பிட்டு வந்த பழைய மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டு அதன் இடத்தில் புதியதை வைத்தால், அது சில சமயம் வலிப்பு வரையில் கொண்டுபோய் விட்டுவிடும். ஏன் அப்படி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய மருந்துகள் செய்த வேலை

1903-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் எமில் பிஷர், யோசெப் பான் மேரிங் என்ற இரு விஞ்ஞானிகள் பார்பிட்டால் என்ற மருந்தைத் தூக்கத்துக்காக வெளியிட்டார்கள். வெரனால் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதைப் பின்பற்றிப் பல பார்பிட்டுரேட் மருந்துகள் வந்தன. இவற்றில் ஒரு பெரிய அபாயம் இருந்தது. தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்திவிடும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஒன்றுக்கு மூன்று நான்காக விழுங்கினவர்கள் மறுநாள் எழுந்திராமலே போனதுண்டு.

1960-ஆம் வருஷத்தில் குளோர்டயஸெபாக்ஸைடு என்ற மருந்தும், 1963-ல் டயஸெபாம் என்ற மருந்தும் வந்தன. இன்று நம் வீடுகளில் அதிகமாகப் பழக்கமான அல்பிரஸோலாம், லோரஸெபாம் முதலியவை இவற்றின் வம்சத்தைச் சேர்ந்தவை. இந்த வம்சத்துக்குப் பென்ஸோடயஸெபைன் என்று பெயர். பிறகு 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸோல்பிடெம், ரசாயன அமைப்பில் வேறானாலும், வேலை செய்யும் இடத்தில் இவற்றுக்கு நெருங்கிய உறவினர்.

மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ரசாயனப் பொருள்களைக் கொண்டு. அவற்றில் சில, "எழுந்திரு, வேலை செய்" என்று தூண்டுபவை. சில, "போதும், நிறுத்து" என்று அடக்குபவை. அடக்குபவற்றில் முக்கியமானது காபா என்னும் பொருள். மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் இந்தக் காபாவின் குரலை உரக்கச் செய்பவை. பென்ஸோடயஸெபைன்கள், காபா தானே பேசும்போது அதன் சொல்லுக்கு வலுக் கூட்டுகின்றன. பார்பிட்டுரேட்டுகளோ, அளவு மிஞ்சினால், காபா வாய் திறக்காத போதும் தாமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பார்பிட்டுரேட்டுகள் அதிக அபாயமாக இருந்ததன் காரணம் இதுவே.

ஆனால் காபா, தூக்கத்துக்கு மாத்திரம் ஏற்பட்ட பொருள் அன்று. ஞாபகத்தைப் பதிய வைக்கும் பகுதியிலும் அது இருக்கிறது. நடையின் நிதானத்தைக் காக்கும் சிறு மூளையிலும் இருக்கிறது. மூச்சை நடத்தும் இடத்திலும் இருக்கிறது. எங்கெங்கே காபா உண்டோ அங்கெல்லாம் மாத்திரையின் கையும் நீளுகிறது. ஆகையால்தான் இம்மாத்திரை சாப்பிட்ட முதியவர் நள்ளிரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். ஆகையால்தான் இரவு பேசினது காலையில் நினைவில்லை என்கிறார். மதுவோடோ, அபினி வர்க்கத்து வலி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சு மெலிவதும் இதனாலேயே. தூக்கமும் முழுதாக இயற்கைத் தூக்கமாக இருப்பதில்லை. பென்ஸோடயஸெபைன்கள் தூங்கும் நேரத்தைக் கூட்டினாலும், அதில் உள்ள ஆழ்ந்த உறக்கத்தின் பங்கையும் கனவுத் தூக்கத்தின் பங்கையும் குறைக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நாள்தோறும் ஒரு பக்கமாக அமுக்கப்படும் மூளை, சும்மா இருந்துவிடுவதில்லை. எதிர்ப்பக்கமாகத் தானும் பலத்தோடு தள்ளத் தொடங்குகிறது. காபாவின் சொல்லைக் காதில் வாங்கும் திறனைக் குறைத்துக்கொள்கிறது. தூண்டும் பொருள்களின் பக்கத்தை வலுப்படுத்திக்கொள்கிறது. சில மாதங்களில் இரண்டு பக்கமும் சமமாகி, மாத்திரையின் பலன் தேய்கிறது. அப்போது மாத்திரையைத் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கதவை இரு பக்கத்திலிருந்தும் இருவர் தள்ளிக்கொண்டிருக்கையில் ஒருவர் விலகினால் மற்றவர் குப்புற விழுவதுபோல் ஆகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

உண்ணும்போது விழுந்த நாய்கள்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் விசித்திரமான சில நாய்களை வளர்த்து வந்தார். டாபர்மன் ஜாதி நாய்கள். பார்வைக்குத் திடகாத்திரமானவை. ஆனால் ருசியான உணவை எதிரில் வைத்தால், சந்தோஷ மிகுதியில் கால்கள் துவண்டு அப்படியே தரையில் சாய்ந்துவிடும். சில விநாடிகள் கழித்து எழுந்து மீண்டும் உண்ணத் தொடங்கும், மீண்டும் சாயும். மனிதர்களுக்கும் இத்தகைய வியாதி உண்டு. நார்கோலெப்ஸி என்று அதற்குப் பெயர். பகலில் எதிர்பாராமல் அடக்க முடியாத தூக்கம் வரும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடியும். விழித்த பின்னும் உடல் அசையாமல் சில கணம் கட்டுண்டு கிடக்கும்.

இந்த நாய்களின் நோய் பரம்பரையாக வருவதால், அதன் காரணம் எங்கோ ஒரு பிறவிக் கூற்றில் இருக்கவேண்டும் என்று அதே சர்வகலாசாலையில் எமானுவெல் மின்யோ என்பவர் பல வருஷங்கள் தேடினார்.

இதற்கிடையில், தூக்கத்தைப் பற்றிச் சிந்திக்காத வேறு சிலர் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். 1998-ஆம் வருஷத்தில் டெக்ஸாஸில் மசாஷி யானகிஸாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் கூட்டத்தார், மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதியிலிருந்து புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எலிக்குக் கொடுத்தால் அது அதிகம் தின்றது. ஆகையால் பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஓரெக்ஸின் என்று பெயரிட்டார்கள். அதே வருஷம் கலிபோர்னியாவில் மற்றொரு கூட்டத்தார் அதே பொருளைக் கண்டு ஹைபோகிரெட்டின் என்று வேறு பெயர் வைத்தார்கள். இன்றும் இரண்டு பெயரும் வழங்குகின்றன.

1999-ஆம் வருஷத்தில் இரு பாதைகளும் சந்தித்தன. டாபர்மன் நாய்களின் குறை, ஓரெக்ஸினை ஏற்றுக்கொள்ளும் வாயில்களில் ஒன்று பழுதாயிருந்ததுதான் என்று மின்யோ கண்டார். யானகிஸாவாவின் ஆராய்ச்சிசாலையில் ஓரெக்ஸினே இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளும் நாய்களைப் போலவே திடீர் திடீரென்று சாய்ந்தன. அடுத்த வருஷம், நார்கோலெப்ஸியால் வருந்திய மனிதர்கள் இறந்த பின்பு அவர்களுடைய மூளையைப் பரிசோதித்ததில், ஓரெக்ஸினைச் சுரக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்து போயிருந்தன. பசிக்கான பொருள் என்று எண்ணியது, விழிப்பைத் தாங்கும் தூண் என்று தெரிந்தது.

தட்டுகிறவன் ஒருவன், கதவுகள் பல

மனித மூளையில் கோடானுகோடி நரம்பணுக்களுக்கிடையே ஓரெக்ஸின் சுரப்பவை சில பதினாயிரங்களே. ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுவதும் பரவியிருக்கின்றன. விழிப்பை நடத்தும் பல மையங்கள் மூளையில் உண்டு; ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரசாயனப் பொருளைக் கையாளுகிறது. இவற்றை ஊர்க் காவல்காரர்கள் என்று வைத்துக்கொண்டால், ஓரெக்ஸின் அணுக்கள் லாந்தரோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "விழித்திரு" என்று அவர்களை எழுப்பிக்கொண்டே இருக்கும் தலையாரிக்குச் சமானம். தலையாரி சுற்றி வரும் வரையில் காவல் குலையாது. இரவில் அவன் ஓய்வெடுத்தால் காவல்காரர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணயர்கிறார்கள்.

தூக்கம் வராதவர்களில் பலருடைய தொல்லை, தலையாரி இரவிலும் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதே என்று கொள்ளலாம். அப்படியானால் ஊர் முழுவதையும் மயக்கமருந்து தெளித்து வீழ்த்துவானேன்? கதவில் தட்டும் ஓசை உள்ளே கேளாமல் செய்தால் போதாதா? இந்த யோசனையின் விளைவுதான் புது மருந்துகள். ஓரெக்ஸின் வந்து பொருந்தும் வாயில்கள் இரண்டு வகை. இரண்டையும் இம்மருந்துகள் சில மணி நேரம் அடைத்து வைக்கின்றன. ஓரெக்ஸின் சுரந்துகொண்டுதான் இருக்கிறது; தட்டுவது மட்டும் உள்ளே எட்டுவதில்லை.

அமெரிக்காவின் மருந்து அதிகாரிகள் 2014-ல் சுவோரெக்ஸன்ட் என்ற மருந்தையும், 2019-ல் லெம்போரெக்ஸன்ட்டையும், 2022-ல் டாரிடோரெக்ஸன்ட்டையும் அனுமதித்தார்கள். மூன்றும் ஒரே வழியில் வேலை செய்பவை. உடலில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்பதில்தான் முக்கியமாக வேறுபடுகின்றன.

இவற்றின் குணம் பழைய மாத்திரைகளின் குணத்தினின்றும் எப்படி மாறுபடுகிறது என்பதை ஒரு பரிசோதனை நன்றாகக் காட்டுகிறது. அதிலும் நாய்களே பாத்திரங்கள். ஓரெக்ஸின் தடுப்பு மருந்து கொடுத்துத் தூங்க வைத்த நாய்கள், உணவு வரப்போகிறது என்று பழக்கப்படுத்தியிருந்த ஓசையைக் கேட்டதும் மருந்து சாப்பிடாத நாய்களைப் போலவே எழுந்துகொண்டன. அர்த்தமில்லாத ஓசைக்கு எழவில்லை. காபா வழியாக வேலை செய்யும் மருந்துகளோ, வேண்டிய ஓசைக்கும் எழும் திறனைக் குறைத்தன. குழந்தை அழுதால் எழ வேண்டிய தாய்க்கும், கதவு தட்டினால் எழ வேண்டிய முதியவருக்கும் இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இருந்தாலும், நாயிடம் கண்டது மனிதரிடம் அப்படியே பொருந்தும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொரு வித்தியாசம், நோயாளி தானே உணரக்கூடியது. பழைய மாத்திரை விழுங்கிய அரைமணியில் ஒரு மயக்கம் வந்து சூழும். அந்த மயக்கத்தையே மருந்தின் பலன் என்று பழகினவர்களுக்கு, புதிய மாத்திரை ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும். அது தூக்கத்தைத் தள்ளிக் கொடுப்பதில்லை. விழிப்பின் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவே. பலனும் மிதமானது. சுவோரெக்ஸன்ட்டைக் கொண்டு நடத்திய இரண்டு பெரிய பரிசோதனைகளில், மூன்று மாத முடிவில், மருந்து சாப்பிட்டவர்கள் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகத் தூங்கியதாகத் தெரிவித்தது, ஒன்றில் சுமார் 10 நிமிஷம், மற்றொன்றில் சுமார் 20 நிமிஷம். தூங்கப் போவதற்கு ஆகும் நேரத்தைவிட, நடு இரவில் விழித்துக்கொண்டு கிடக்கும் நேரம் குறைவதில்தான் இதன் பலன் நன்றாகத் தெரிகிறது.

10 மில்லி கிராமா, 40 மில்லி கிராமா?

புதிய மருந்தின் உண்மையான சிக்கல் இரவில் இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்காடலைப் பார்த்தால் இது விளங்கும். சுவோரெக்ஸன்ட்டைத் தயாரித்த மெர்க் கம்பெனி, நடுவயதினருக்கு 20 முதல் 40 மில்லி கிராம் வரையில் அனுமதி கேட்டது. 10 மில்லி கிராமில் நோயாளிக்குப் போதிய பலன் தெரியாது என்பது அதன் கட்சி. அதிகாரிகள் வேறு விதமாகக் கண்டார்கள். கம்பெனி தானே நடத்திய பரிசோதனையில், தலையில் கம்பிகளைப் பொருத்தித் தூக்கத்தை அளந்தபோது, 10 மில்லி கிராமும் பலன் அளித்திருந்தது. அளவு ஏற ஏற மறுநாள் மந்தமும் ஏறியது.

மந்தத்தை எப்படி அளந்தார்கள் என்பது சுவாரஸ்யமான விஷயம். ஹாலந்து தேசத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. இரவு மருந்து சாப்பிட்டவர், மறுநாள் காலை, பக்கத்தில் மற்றொரு ஓட்டுநர் காவலிருக்க, சாதாரண நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரம் காரை நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். வண்டி இடமும் வலமுமாக எவ்வளவு அலைகிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். சராசரி அலைச்சல் 2.4 சென்டிமீட்டர் கூடினால், அது ரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மது இருப்பவன் ஓட்டுவதற்குச் சமானம். சுவோரெக்ஸன்ட் சாப்பிட்டவர்களில் நான்கு பெண்கள், வயது முதிராதவர்கள், தூக்கக் கலக்கத்தால் பரிசோதனையை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே 2013-ல்தான், ஸோல்பிடெமின் மிச்சம் பெண்களின் ரத்தத்தில் காலையில் அதிகம் தங்குவதைக் கண்டு, அவர்களுக்குரிய சாதாரண அளவை 10-லிருந்து 5 மில்லி கிராமாகக் குறைக்கும்படி அதே அதிகாரிகள் உத்தரவிட்டிருந்தார்கள். ஆகையால் புதிய மருந்துக்கு அவர்கள் 10 மில்லி கிராமில் தொடங்க வேண்டும், 20-க்கு மேல் போகக் கூடாது என்று விதித்து, அடுத்த வருஷமே அனுமதி கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புலப்படும். சுவோரெக்ஸன்ட்டின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 12 மணி நேரம் ஆகிறது. இரவு 10 மணிக்கு விழுங்கினால் நள்ளிரவு வாக்கில் உச்சத்துக்கு வருகிறது. காலை 8 மணிக்கு உச்சத்தில் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்கு இன்னமும் ரத்தத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் எழுந்து நடமாடுவது எப்படி? மிருகங்களில் பார்த்த அளவில், வாயில்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைபட்டால்தான் தூக்கம் வருகிறது. பகல் தொடங்கியதும் ஓரெக்ஸின் அதிகமாகச் சுரந்து, அடைத்திருக்கும் மருந்தோடு போட்டியிட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. சிறிய அளவாக இருந்தால் காலையில் ஓரெக்ஸின் வெல்கிறது. பெரிய அளவாக இருந்தால் மருந்து வெல்கிறது. டாரிடோரெக்ஸன்ட் பாதியாவதற்குச் சுமார் 8 மணி நேரமே ஆவதால், காலைத் தொந்தரவைப் பற்றிக் கவலையுள்ளவர்களுக்கு வைத்தியர்கள் அதை நினைக்கிறார்கள். லெம்போரெக்ஸன்ட் 17 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்தே உபயோக விதிகளும் பிறக்கின்றன. படுக்கப் போவதற்கு முன் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும். எழ வேண்டிய நேரத்துக்கு ஏழு மணி நேரமாவது இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு ஒன்றை விழுங்கிவிட்டு 6 மணிக்கு வண்டி ஓட்டக் கிளம்பக் கூடாது. வயிறாரச் சாப்பிட்ட உடனே விழுங்கினால் பலன் ஒன்றரை மணி நேரம் பிந்தும். பிந்தின அளவுக்குக் காலையிலும் நீடிக்கும். படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ரகோனஸோல், தொண்டைச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைஸின் போன்ற மருந்துகள், கல்லீரல் இதைச் சிதைக்கும் வழியை அடைத்துவிடுகின்றன. சேர்த்துச் சாப்பிட்டால் சிறு அளவே பெரும் அளவாகும். ஆகையால் வேறு எந்த மருந்து சாப்பிடுகிறோம் என்பதை வைத்தியரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

குறையும் டாபர்மன் நாய்களின் நோயை நினைவூட்டுவதாகவே இருக்கும். சிலருக்கு விழித்த பின் சில கணம் கைகால் அசையாது. தூங்கும் தருவாயில் உண்மை போன்ற கனவுத் தோற்றங்கள் எழும். அபூர்வமாக முழங்கால் தளரும். வீட்டார் இதைப் பேய் பிசாசு என்றோ பக்கவாதம் என்றோ பயப்பட வேண்டாம். பயப்படாமல் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். நார்கோலெப்ஸி உள்ளவருக்கு இம்மருந்தை அறவே கொடுக்கக் கூடாது. மனச்சோர்வு உள்ளவருக்குச் சோர்வு மிகுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழக்கூடும். அப்படிப்பட்டவரை வீட்டார் கண்காணிக்க வேண்டும்.

ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறுவது

இனி, தொடக்கத்தில் சொன்ன அபாயத்துக்கு வருவோம். 62 வயதான ஒரு பென்ஷன்காரரை வைத்துக்கொள்வோம். மனைவி இறந்த துக்கத்தில் தூக்கமில்லாமல் போக, வைத்தியர் பதினைந்து நாளைக்கு என்று அல்பிரஸோலாம் 0.5 மில்லி கிராம் எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் ஆறு வருஷமாகிவிட்டது. நம் தேசத்தில் இது எச்-1 அட்டவணையைச் சேர்ந்த மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இருந்தாலும், பழைய சீட்டும் பழகிய கடையும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பது நேயர்களுக்குத் தெரியாததன்று. அவருடைய பிள்ளை புது மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, "பழைய விஷத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், அப்பா" என்று அதை வாங்கிக் கொடுக்கிறான்.

முதல் இரவே அவருக்குத் தூக்கம் வராது. இரண்டாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கதவு சாத்தும் ஓசை காதைப் பிளக்கும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் எல்லோரும் தீர்மானிப்பார்கள். உண்மை அதுவன்று. ஆறு வருஷமாக எதிர்த்துத் தள்ளிப் பழகிய மூளை, எதிரில் தடுப்பாரின்றிப் பாய்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தாங்கக்கூடியது காபாவின் பக்கத்து மருந்து ஒன்றுதான். புது மருந்து காபாவைத் தொடுவதே இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் இந்த இடத்தில் அதனால் பயனில்லை. மூளையின் பாய்ச்சல் கட்டுமீறினால் வலிப்பு வரும். பயந்துபோய்ப் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினாலோ, இரண்டின் மந்தமும் கூடி அன்றிரவே கீழே விழுவார்.

சரியான வழி நீண்டது. பழையதைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். 2025-ல் அமெரிக்க வைத்திய சங்கங்கள் சில சேர்ந்து வெளியிட்ட யோசனை, முதலில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்து, இரண்டு முதல் நான்கு வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது. இரண்டு வாரத்தில் கால் பங்குக்கு மேல் ஒருபோதும் குறைக்கக் கூடாது. நம் பென்ஷன்காரரின் கணக்கு இப்படி இருக்கும். 0.5 மாத்திரைக்குப் பதில் 0.25 மாத்திரைகள் இரண்டு. அவற்றில் ஒன்றை நான்காக வெட்டி ஒரு துண்டை விலக்கினால், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. யோசனையில் சொன்னதைவிட இது சற்று அதிகம். ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு துண்டு வீதம் எட்டுத் துண்டுகளும் போக ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கடைசித் துண்டுகள்தான் கஷ்டமானவை. எட்டில் ஒன்று போவதும் இரண்டில் ஒன்று போவதும் மூளைக்கு ஒன்றல்ல. ஆகையால் அந்தக் கட்டத்தில் அநேக வைத்தியர்கள் துண்டை இன்னும் சிறிதாக்குவார்கள், அல்லது உடலில் நெடுநேரம் தங்கும் டயஸெபாமுக்கு மாற்றி அதன்மூலம் இறக்குவார்கள். இதைத் தானே வீட்டில் செய்துகொள்வது கூடாது. படிகளைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை.

குறைக்கும்போது வருவது பழைய தூக்கமின்மையா, மருந்தை விட்டதன் விளைவா என்று எப்படி அறிவது? முன்பு இல்லாத நடுக்கமும், வியர்வையும், ஒளி ஓசைகளைத் தாங்க முடியாமையும், குறைத்த சில நாட்களுக்குள் தோன்றினால், அது மருந்தை விட்டதன் விளைவு. அடுத்த படியை ஒத்திப்போட்டு, இருக்கிற அளவிலேயே நிற்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ கண்டால் அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பழையது இறங்கிக்கொண்டிருக்கையில் புதியதைத் துணைக்குச் சேர்ப்பதா, முற்றும் இறங்கின பிறகு சேர்ப்பதா, சேர்க்கவே வேண்டாமா என்பதும் நோயாளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆறு மாதம் கழித்து மருந்தே தேவைப்படாமல் போகிறவர்களும் உண்டு. ஏனெனில் கடைசி வருஷங்களில் அவர்களுடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த மாத்திரையேயாக இருக்கலாம்.

ஆகவே, புது மாத்திரையை எழுதிக் கொடுக்கும் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நான் இப்போது சாப்பிடுகிற பழைய தூக்க மாத்திரையை எந்தக் கணக்கில் குறைக்க வேண்டும்? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? மறுநாள் காலை எத்தனை மணிக்குமுன் நான் வண்டியைத் தொடக் கூடாது? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் முதல் மாத்திரையை வாயில் போடாதிருப்பது நலம்.